நோட்டீஸில் பெரிதாக அச்சிட்ட இரண்டு எண்கள்

பங்குனி பிறந்ததும் செய்தித்தாளுக்குள்ளிருந்து வண்ண நோட்டீஸ்கள் விழத் தொடங்கிவிடும். 'கோடை அதிரடி! பழைய பேட்டரியைக் கொடுத்துப் புதியது வாங்குங்கள். 150 ஏஎச், 60 மாத வாரண்டி, டிராலி இலவசம், ஸ்டெபிலைசருக்குச் சிறப்புத் தள்ளுபடி.' எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இப்படியொரு நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "இந்த நூத்தம்பதுன்னா என்ன, அறுபதுன்னா என்ன? அதை மட்டும் சொல்லுங்க. டிராலியை நான் பாத்துக்கறேன்."

இருவருமாக பேட்டரி கடைக்கே போனோம். கடைக்காரர் எனக்குப் பழக்கம். சீசன் கூட்டம் இன்னும் சேராத நேரமாதலால் நின்று பேசினார்.

ஏஎச் என்பது ஆம்பியர் அவர். பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பதற்கான அளவு அது. ஆனால் அந்த 150 ஒரு நிபந்தனையோடு வருகிறது. பேட்டரி லேபிளில் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 'சி20' என்றிருக்கும். இருபது மணி நேரத்துக்குப் பரப்பி, நிதானமாக 7.5 ஆம்பியர் எடுத்தால்தான் 150 கிடைக்கும் என்று அதற்குப் பொருள். 12 வோல்ட் பேட்டரியில் 7.5 ஆம்பியர் என்றால் 90 வாட். ஒரு சாதாரண சீலிங் ஃபேன், ஒரு எல்இடி பல்பு, அவ்வளவுதான்.

அதைவிட வேகமாக இழுத்தால் அதே பேட்டரி குறைவாகத்தான் கொடுக்கும். "ஊத்துக் கிணறு மாதிரிதான் டீச்சர்" என்றார் கடைக்காரர். வாளி போட்டு இறைத்தால் நாளெல்லாம் தண்ணீர் வரும்; மோட்டார் வைத்து இழுத்தால் சீக்கிரமே தரை தெரிந்துவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மறுபடி ஊறும். பேட்டரிக்குள்ளும் ஆசிட் ஈயப் பிளேட்டுக்குள் ஊறிச் சேர நேரம் வேண்டும். லோடைக் குறைத்துக் கொஞ்ச நேரம் விட்டால் பேட்டரி சற்றுத் தெம்பாவதும் அதனால்தான்.

டீச்சர் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். ஃபேன் இரண்டு, தலா 75 வாட். டியூப்லைட்டும் பல்புகளுமாக 30. டிவி 60, வைஃபை பெட்டி 10. மொத்தம் 250 வாட். இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்றுவிடும் என்பதால் பேட்டரியிலிருந்து சுமார் 300 வாட், அதாவது 25 ஆம்பியர் போகும். 150ஐ 25ஆல் வகுத்தால் ஆறு மணி நேரம் என்றுதான் நோட்டீஸ்காரர்கள் கணக்கு சொல்வார்கள். இந்த வேகத்தில் இழுக்கும்போது 150 கிடைக்காது. 120, 125தான் கிடைக்கும். புது பேட்டரியிலேயே நாலரை முதல் ஐந்து மணி நேரம். மூன்று நான்கு வருடம் ஓடிய பிறகு மூன்று மணி நேரத்தைத் தாண்டினாலே நல்ல பேட்டரி.

அப்படியானால் 220 ஏஎச் வாங்கிவிடலாமா? டீச்சர் கேட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2012ல் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன ஊர்களில் பெரிய பேட்டரி வாங்கியவர்களும் தவித்தார்கள். காலியான பேட்டரி நிறைய பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் வேண்டும், அது வரவில்லை. அரைகுறையாகவே சார்ஜ் ஆகிப் பல பேட்டரிகள் வீணாயின. இன்று நமக்கு வருவது பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தி மதியம் கொடுக்கும் கட், ராத்திரியில் ஃபியூஸ் போய் ஒன்றிரண்டு மணி நேரம். இதற்கு 150 போதும். கூடுதல் பணத்தில் இரண்டு பிஎல்டிசி ஃபேன் மாட்டினால், 75 வாட் ஃபேன் 30 வாட்டாகிவிடும். மொத்த லோடு 160க்கு இறங்கும். அதே 150 ஏஎச் பேட்டரி புதிதில் ஏழெட்டு மணி நேரம் ஓடும். கரண்ட் இருக்கும் நாளிலும் பில் குறையும். கடைக்காரர் இதை மறுக்கவில்லை. ஃபேன் அவர் கடையில் விற்பதில்லை என்று மட்டும் சொன்னார்.

இன்வெர்ட்டரின் மேல் போட்டிருக்கும் 900 விஏ வேறு கணக்கு. ஒரே நேரத்தில் எவ்வளவு லோடு தாங்கும் என்பதுதான் அது. எவ்வளவு நேரம் ஓடும் என்பதை பேட்டரிதான் சொல்லும்.

இனி அறுபது. அட்டையைப் புரட்டினால் அது 36+24 என்று பிரிந்திருக்கும். முதல் 36 மாதத்துக்குள் பேட்டரி போனால் இலவசமாக மாற்றித் தருவார்கள். அடுத்த 24 மாதத்துக்குப் புதிய பேட்டரியில் தள்ளுபடி மட்டும். அந்தத் தள்ளுபடியைக் கடை விலையில் கழிப்பதில்லை, அதிகபட்ச சில்லறை விலையில் கழிக்கிறார்கள். உதாரணத்துக்கு, எம்ஆர்பி 22,000 என்று அச்சிட்ட பேட்டரி, பழையதைக் கொடுத்தால் கடையில் 16,000க்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். 44வது மாதம் பேட்டரி போகிறது. தள்ளுபடி 30 சதவீதம். 22,000ல் 6,600 போனால் 15,400. பழைய பேட்டரியையும் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். வாரண்டியே இல்லாமல் போய் வாங்கினாலும் 16,000தான். இரண்டு வருட வாரண்டியின் மதிப்பு 600 ரூபாய்! அதனால் நான் கூட்டல் குறிக்கு முன்னால் இருக்கும் எண்ணை மட்டும்தான் பார்ப்பேன். 60 மாதம் என்று 36+24 விற்பவரைவிட, 48 மாதம் முழுக்க இலவச மாற்று தருபவர் மேல்.

இன்னொன்று. 34வது மாதம் போய் இலவசமாகப் புதியது வந்தால், அதற்கு மறுபடி 36 மாதம் கிடையாது. மிச்சமிருக்கும் இரண்டு மாதம்தான்.

வாரண்டிக்குக் கொண்டுபோனால் கையில் கொடுத்து அனுப்பிவிடமாட்டார்கள். முழுக்க சார்ஜ் ஏற்றி, ஆறு செல்லையும் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு மூன்று நாள் ஆகலாம். அதுவரைக்கும் மாற்று பேட்டரி தருவீர்களா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. ஐந்து செல் நன்றாக இருந்து ஒன்று மட்டும் படுத்திருந்தால் 'செல் போச்சு' என்று ஒத்துக்கொள்வார்கள். ஆறும் ஒன்றுபோல இறங்கியிருந்தால் பெரும்பாலும் சார்ஜ் குறைவுதான் என்று ஏற்றித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். டிஸ்டில்டு வாட்டருக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருந்தாலோ, பெட்டி விரிந்திருந்தாலோ, டெர்மினல் உருகியிருந்தாலோ வாரண்டி செல்லாது. அட்டையில் தேதியும் கடை முத்திரையும் இல்லையென்றால் பேச்சே இல்லை. டீச்சர் அங்கேயே பேட்டரியின் சீரியல் எண்ணை அட்டையோடு ஒப்பிட்டு, தயாரித்த மாதம் எது என்று கேட்டார். மாதக்கணக்கில் கடையில் சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரிதான் சீசன் தள்ளுபடியில் முதலில் வெளியே வரும். இவருக்குக் கிடைத்தது போன மாதச் சரக்கு.

ஸ்டெபிலைசரை நான் வேண்டாம் என்றேன். அது கரண்ட் போனால் உதவாது. வோல்டேஜ் ஏறி இறங்கினால் சமன் செய்யும், அவ்வளவுதான். அதில் பார்க்க வேண்டியது கீழ் எல்லை. 170 முதல் 270 வரை என்று எழுதியிருந்தால், 170க்குக் கீழே போனதும் அது ஏசியை அணைத்துவிடும். உங்கள் தெருவில் ராத்திரி பத்து மணிக்கு, எல்லா வீட்டு ஏசியும் ஓடும்போது, வோல்டேஜ் எவ்வளவு என்று எலக்ட்ரீஷியனிடம் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 150 வருகிறதென்றால் 130லிருந்து வேலை செய்யும் மாடல் வேண்டும். ஒன்றரை டன் ஏசிக்கு வழக்கமாக 4 கேவிஏ. டீச்சர் வீட்டில் பார்த்தபோது 215 காட்டியது. அவருடைய ஏசியின் கையேட்டிலேயே ஸ்டெபிலைசர் இல்லாமல் ஓடும் எல்லை போட்டிருந்தது; 215 அதற்குள் வசதியாக அடங்கியது.

பேட்டரியை எங்கே வைப்பது என்பதில் மட்டும் அவர் என் பேச்சைக் கேட்கவில்லை. மேற்குச் சுவரை ஒட்டிய, மதிய வெயில் காயும் வராந்தா மூலைதான் அவருக்குத் தோது. ஏஎச் அளவை 27 டிகிரி சூட்டில் வைத்து எடுக்கிறார்கள். அதற்கு மேல் நிரந்தரமாகப் பத்து டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்று சொல்லிப் பார்த்தேன். "டிராலிதான் இருக்கே, சித்திரையில உள்ள தள்ளிக்கலாம்" என்றார்.