மாடிப்படி போல இறங்கிய பாக்கி

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் குடியிருப்போர் சங்கப் பொருளாளருக்குப் போன் செய்தார். “ஏம்மா, வருஷத்துக்கான மெயின்டனன்ஸை ஜனவரியிலேயே மொத்தமா கட்டிட்டேன். இப்ப பதினஞ்சாயிரம் பாக்கின்னு மெசேஜ் வந்திருக்கே?” அவர் வீடு ஏ-103. அடுத்த அரை மணி நேரத்தில் இதே மாதிரி இன்னும் ஆறு பேர் கூப்பிட்டார்கள்.

எங்கள் வளாகத்தில் மூன்று பிளாக், 144 வீடுகள். யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கு ஒரு கூகுள் ஷீட்டில் இருக்கிறது. முதல் நெடுவரிசையில் வீட்டு எண், பிறகு பெயர், போன் நம்பர், நான்காவதில் பாக்கித் தொகை, அதன்பின் கடைசியாகப் பணம் கட்டிய தேதி. செயலாளர், பொருளாளர், அலுவலகப் பையன் என மூன்று பேர் அதில் எழுதுவார்கள். கணினியில் பயிற்சி பெற்றவர் யாருமில்லை, நான் உட்பட. எனக்குத் தொழிலில் இந்த மாதிரி பட்டியல்களோடு கொஞ்சம் பழக்கம் உண்டு என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள்.

லேப்டாப்பில் ஷீட்டைத் திறந்ததும் விஷயம் கண்ணில் பட்டது. வீட்டு எண்கள் ஏ-101, ஏ-102, ஏ-103 என்று ஒழுங்காக இருந்தன. பக்கத்தில் பாக்கி 18,000, 15,000, 15,000, அடுத்து 12,000 என்று மாடிப்படி போல இறங்கிக்கொண்டே போனது. சி பிளாக்குக்கு வரும்போது எல்லாம் பூஜ்யம். ஒரு பிளாக் முழுக்கக் கடன்காரர்கள், இன்னொரு பிளாக்கில் ஒருவர்கூடப் பாக்கி இல்லை என்று நிஜ உலகில் நடக்காது. யாரோ பாக்கி நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்துப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கியிருக்கிறார்கள். தொகைகள் இடம் மாறின, வீட்டு எண்கள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன.

கணினியில் நிறுவிய எக்செலில் இப்படிச் செய்தால், பக்கத்து நெடுவரிசைகளையும் சேர்த்து அடுக்கவா என்று பெரும்பாலும் ஒரு எச்சரிக்கை வரும். எங்கள் ஷீட்டில் அன்றைக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை. பாக்கி அதிகம் உள்ளவர்கள் யார் என்று பார்ப்பதற்காக வியாழன் இரவு செயலாளர் செய்த வேலை அது என்பது பிறகு தெரிந்தது.

மூன்று நாள் யாரும் கண்டுபிடிக்காததற்குக் காரணம் இருக்கிறது. இந்த வகைத் தவறில் எதுவும் அழிவதில்லை. காலியான கட்டம் இல்லை, பிழைக் குறி இல்லை, ஒவ்வொரு தொகையும் நம்பும்படியாகவே இருக்கிறது. அடியில் உள்ள மொத்தக் கூட்டுத்தொகைகூட மாறவில்லை. அதே எண்கள்தானே, வரிசைதான் வேறு. பொருளாளர் அன்றிரவு மொத்தத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போயிருக்கிறார். அதன்பிறகு எல்லோரும் போனில் வீட்டு எண்ணைத் தேடி ஒரு வரியை மட்டும் திருத்தியதால் மாடிப்படி யார் கண்ணிலும் படவில்லை. இன்னொன்று, தப்பாக பாக்கி காட்டப்பட்டவர்கள்தான் போன் செய்வார்கள். தப்பாகப் பூஜ்யம் காட்டப்பட்ட சி பிளாக்காரர்கள் எதற்குப் போன் செய்யப் போகிறார்கள்?

செயலாளருக்குப் பதற்றம். “ஹிஸ்டரில பழசுக்குப் போகலாமாமே சார், வியாழக்கிழமைக்குத் திருப்பிடுவோம்” என்று கையை மவுஸுக்குக் கொண்டுபோனார். நான் தடுத்தேன்.

அவர் சொன்ன வசதி உண்மைதான். `File` மெனுவில் `Version history`, அதற்குள் `See version history`. வலது பக்கம் எந்தத் தேதி, எந்த நேரம், யார் திருத்தினார் என்ற பட்டியல் வரும். ஒரு நேரத்தைத் தொட்டால் அப்போது ஷீட் இருந்த நிலை திரையில் தெரியும், மேலே `Restore this version` என்ற பொத்தான் இருக்கும். தவறு நடந்து ஐந்து நிமிடத்தில், வேறு யாரும் கை வைக்காதபோது என்றால் அதை அழுத்திவிடலாம். ஷீட்டை இன்னும் மூடவில்லை என்றால் `Ctrl+Z` போதும்.

ஆனால் வியாழன் இரவுக்கும் ஞாயிறு காலைக்கும் நடுவே 23 வீட்டார் பணம் கட்டியிருந்தார்கள். அந்தப் பொத்தான் ஒரு நெடுவரிசையை மட்டும் பின்னுக்கு இழுக்காது, முழு கோப்பையும் இழுக்கும். அதே கோப்பின் வேறு தாள்களில் இருந்த தண்ணீர் லாரிக் கணக்கும் வாட்ச்மேன் வருகைப் பதிவும்கூட வியாழனுக்குப் போய்விடும். அப்படிப் போனாலும் எல்லாம் தொலைந்துவிடாது. மீட்டதே ஒரு புதிய பதிப்பாகப் பதிவாகும், முந்தைய நிலையும் பட்டியலில் இருக்கும். ஆனால் மீட்ட பிறகு மூன்று பேரும் மறுபடி எழுத ஆரம்பித்தால், இரண்டு நிலைகளிலும் பாதிப் பாதி உண்மை என்ற குழப்பம் வந்துவிடும்.

முதலில் மற்ற இருவரின் அனுமதியையும் பார்வையாளர் அளவுக்குக் குறைத்தோம். பிறகு வரலாற்றுப் பட்டியலில் வியாழன் இரவுக்குப் போனோம். பல திருத்தங்களை ஒரே பதிவாகச் சேர்த்துக் காட்டும் வழக்கம் அதற்கு உண்டு; பக்கத்திலுள்ள சின்ன அம்புக்குறியைத் தொட்டால் உள்ளே இருப்பவை விரியும். 9.50 மணிக்குச் செயலாளர் பெயரில் ஒரு பதிவு, அதில் நான்காவது நெடுவரிசை முழுக்க ஒரே நிறம். சாதாரணத் திருத்தத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நிறம் தெரியும். ஒரு நெடுவரிசையே வண்ணம் பூசியது போல் இருந்தால் அதுதான் தவறு நடந்த இடம்.

ஒரு கட்டத்தில் வலது கிளிக் செய்தால் வரும் `Show edit history` பற்றியும் கேட்டார்கள். ஒன்றிரண்டு கட்டங்களைச் சரிபார்க்க அது நல்லது. 144 கட்டங்களை அதில் பார்க்க முடியாது. வரிகளைச் சேர்த்ததும் நீக்கியதும் ஃபார்முலா மாற்றியவையும் அதில் தெரியாமல் போகலாம்.

நான் மீட்பதற்குப் பதில் பிரதி எடுத்தேன். பட்டியலில் அந்தப் பதிவின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளில் `Make a copy` இருக்கிறது. தவறுக்குச் சற்று முன் ஒன்று, தவறு நடந்த உடனே ஒன்று என இரண்டு பிரதிகள். இரண்டையும் இப்போதைய கோப்புக்குள் தனித்தனித் தாளாகக் கொண்டுவந்து `old`, `after` என்று பெயர் வைத்தேன்.

இரண்டாவது பிரதி எதற்கு என்று பொருளாளர் கேட்டார். பழைய தொகை மட்டும் கையில் இருந்தால், மூன்று நாளில் யாருடைய பாக்கி நியாயமாக மாறியது என்று தெரியாது. தவறு நடந்த நொடியில் இருந்த தொகையும் இப்போதுள்ள தொகையும் ஒன்றாகவே இருந்தால் அந்தக் கட்டத்தை யாரும் தொடவில்லை, பழையதை அப்படியே போட்டுவிடலாம். இரண்டும் வேறு என்றால் யாரோ பணம் வரவு வைத்திருக்கிறார்கள், அதை மனிதர்தான் பார்க்க வேண்டும். ஓரத்தில் காலியாக இருந்த நெடுவரிசையில் இதை எழுதினேன்:

```
=IF(D2=VLOOKUP($A2,after!$A:$D,4,FALSE),
   VLOOKUP($A2,old!$A:$D,4,FALSE), "பார்க்க")
```

வரி எண்ணை நம்பாமல் வீட்டு எண்ணைக் கொண்டு தேடுவதுதான் இதன் உயிர். நடுவில் யாராவது ஒரு வரி சேர்த்திருந்தாலும் பாதிக்காது. கடைசியில் உள்ள `FALSE` விட்டுப்போனால் ‘கிட்டத்தட்ட’ பொருந்தும் வீட்டின் தொகையை எடுத்துவந்துவிடும், இன்னொரு விபத்து. வீட்டு எண் இரண்டு முறை வந்திருக்கிறதா என்பதையும் முன்பே பார்த்துவிட வேண்டும். `#N/A` என்று வந்தால் மறைக்கக் கூடாது. பெரும்பாலும் எண்ணுக்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஃபார்முலாவைக் கீழ்வரை இழுத்ததும் 122 வீடுகளுக்குப் பழைய தொகை வந்தது. 22 வீடுகளில் “பார்க்க” என்று நின்றது. ரசீதுப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டோம். ஏ-105 உண்மையில் 7,500 பாக்கி வைத்திருந்தவர். அடுக்கிய பிறகு அவர் பெயருக்கு நேராக 12,000 வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை 5,000 கட்டினார். பையன் திரையில் இருந்ததில் கழித்து 7,000 என்று எழுதிவைத்தான். சரியான பாக்கி 2,500. அதாவது தப்பான எண்ணின் மேல் சரியான கணக்குப் போடப்பட்டிருக்கிறது. அதனால்தான் இந்த வீடுகளைப் ஃபார்முலாவிடம் விடாமல், பழைய பாக்கியிலிருந்து ரசீதுத் தொகையைக் கையால் கழித்தோம்.

முடிந்தது என்று நினைத்தபோது கூட்டிப் பார்த்தோம். வியாழன் மொத்தப் பாக்கி 4,12,500. வங்கிக் கணக்கில் மூன்று நாளில் வந்தது 86,000. மீதி 3,26,500 இருக்க வேண்டும். ஷீட் 3,29,500 காட்டியது. மூவாயிரம் உதைத்தது.

ரசீது 23 இருந்தது, “பார்க்க” 22தான் வந்தது. தப்பியது சி-312. அவருடைய உண்மையான பாக்கி 3,000. அடுக்கிய பிறகு அவருக்கு நேராகப் பூஜ்யம். அவர் வந்து 3,000 கட்டினார், பையன் தேதியைப் போட்டுவிட்டுப் பாக்கியைப் பார்த்தான். ஏற்கெனவே பூஜ்யம், சரிதானே என்று விட்டுவிட்டான். கட்டம் மாறவே இல்லாததால் என் ஃபார்முலா, யாரும் தொடவில்லை என்று முடிவுகட்டிப் பழைய 3,000-ஐத் திரும்பப் போட்டுவிட்டது. தவறை மூன்று நாள் மறைத்துவைத்த அதே கூட்டுத்தொகைதான், வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டபோது இதைக் காட்டிக்கொடுத்தது.

சரியான நெடுவரிசையைப் பிரதியெடுத்து `Ctrl+Shift+V` அழுத்தி, ஃபார்முலா இல்லாமல் வெறும் எண்ணாகப் பாக்கியின் இடத்தில் ஒட்டினோம். இதைச் செய்யாமல் `old` தாளை நீக்கினால் நெடுவரிசை முழுக்க `#REF!` என்று சிவந்துவிடும். கடைசியாக அந்த நிலைக்கு `Name current version` மூலம் ஒரு பெயர் கொடுத்தோம். பழைய பதிப்புகளைக் கூகுள் சில நேரம் ஒன்றாகச் சேர்த்துவிடும் என்பதால், பெயர் வைத்தால் பின்னால் தேடிப்பிடிப்பது சுலபம். ஒரு ஷீட்டுக்கு 15 பெயர்கள் வரைதான் வைக்கலாம். ஆகவே மொத்தமாக ஏதாவது மாற்றுவதற்கு முன் மட்டும் வைப்பது என்று பேசிக்கொண்டோம்.

செயலாளருக்கு அன்று வேண்டியிருந்தது பாக்கிப் பட்டியலைப் பெரியதிலிருந்து பார்ப்பது மட்டும்தான். `Data` மெனுவில் `Create filter view` என்று ஒன்று இருக்கிறது. அதில் அடுக்கினால் வரிகள் முழுசாகச் சேர்ந்தே நகரும், மற்றவர்கள் பார்க்கும் வரிசையும் மாறாது. அதைக் காட்டிக்கொடுத்தேன். “இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா...” என்று இழுத்தார்.

ஷீட் மதியம் ஒரு மணிக்குள் சரியாகிவிட்டது. ஆனால் அன்று காலை தப்பான தொகையோடு 38 பேருக்கு வாட்ஸ்அப் போயிருந்தது. அதை எந்த வரலாற்றுப் பட்டியலாலும் திரும்ப வாங்க முடியாது. பொருளாளர் 38 பேருக்கும் தனித்தனியாக மெசேஜ் போட்டார். ஏ-103க்கு மட்டும் செயலாளரே நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, காபி குடித்துவிட்டு வந்தார்.