கடைசி வரியில் கனக்கும் தொகை: முடிவு மதிப்பைக் கணக்கிடுவது எப்படி?

ஒரு தொழில் திட்டத்தின் பண வரவை முதல் ஐந்து ஆண்டுகளுக்கு வருடவாரியாக மதிப்பிட்டு எழுதலாம். அதற்கு மேல் எழுதுவது பெரும்பாலும் கற்பனையாகவே இருக்கும். ஆனாலும் ஆலை ஆறாம் ஆண்டில் மூடப்படப் போவதில்லை. மிச்சமுள்ள எல்லா ஆண்டுகளின் வரவையும் ஒரே தொகையாகச் சுருக்கிச் சொல்வதுதான் முடிவு மதிப்பு. வங்கிகளிலும் ஆடிட்டர் அலுவலகங்களிலும் இதை டெர்மினல் வேல்யூ என்பார்கள்.

அதைக் கணக்கிடப் பரவலாகப் பயன்படும் வழி, வரவு ஆண்டுதோறும் ஒரே விகிதத்தில் வளர்ந்துகொண்டே முடிவின்றி வரும் என்று வைத்துக்கொள்வது. பங்கு விலைக்கு இந்த முறையைப் பயன்படுத்திய மைரன் கோர்டனின் பெயரால் இது கோர்டன் சூத்திரம் எனப்படுகிறது.

`TV = CF × (1 + g) / (r − g)`

இதில் CF என்பது கடைசியாக மதிப்பிட்ட ஆண்டின் வரவு, g அதன் பிந்தைய வளர்ச்சி விகிதம், r முதலீட்டாளர் எதிர்பார்க்கும் வருவாய் விகிதம். முடிவில்லாத வரவுக்கு முடிவான ஒரு தொகை கிடைப்பது வியப்பாகத் தோன்றலாம். காரணம் எளிது. ஒவ்வோர் ஆண்டும் வரவு g அளவில் வளர, அதன் இன்றைய மதிப்பு r அளவில் தேய்கிறது. தேய்மானம் வளர்ச்சியை மிஞ்சும் வரை கூட்டுத்தொகை ஓரிடத்தில் நின்றுவிடும்.

100 கோடி ரூபாயில் ஒரு பால் பதப்படுத்தும் ஆலை தொடங்கப்படுவதாகக் கொள்ளலாம். முதல் ஐந்து ஆண்டுகளின் நிகர வரவு முறையே 6, 7, 8, 9, 10 கோடி. எதிர்பார்க்கும் வருவாய் 12 சதவீதம், பிந்தைய வளர்ச்சி 5 சதவீதம். ஐந்தாண்டு வரவின் இன்றைய மதிப்பு சுமார் 28 கோடிதான். ஆறாம் ஆண்டின் வரவான 10.5 கோடியை 7 சதவீதத்தால் வகுத்தால் முடிவு மதிப்பு 150 கோடி. அது ஐந்தாம் ஆண்டு இறுதியில் நிற்கும் தொகை. இன்றைக்குக் கொண்டுவந்தால் சுமார் 85 கோடி. இரண்டும் சேர்ந்து 113 கோடி. முதலீட்டைக் கழித்தால் நிகர இன்றைய மதிப்பு, அதாவது என்.பி.வி., 13 கோடி.

மொத்த மதிப்பில் முக்கால் பங்கு முடிவு மதிப்பிலிருந்தே வருகிறது. அந்த 85 கோடியிலும் ஏறக்குறையப் பாதி, பதினாறாம் ஆண்டுக்குப் பிறகு வரவேண்டிய பணம். இந்த விகிதத்தைப் பார்த்து மட்டும் கணக்கு தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆறு முதல் பத்து வரையிலான ஆண்டுகளையும் அதே 5 சதவீத வளர்ச்சியில் தனித்தனியே எழுதினால், முடிவு மதிப்பின் பங்கு 54 சதவீதமாக இறங்கும், என்.பி.வி. ஒரு ரூபாய்கூட மாறாது. கோடு எங்கே கிழிக்கப்படுகிறது என்பதைத்தான் அந்தப் பங்கு காட்டுகிறது.

உண்மையான ஆபத்து வகுக்கும் எண்ணில் இருக்கிறது. r, g இரண்டின் இடைவெளி சிறியது என்பதால், சிறு மாற்றமும் விடையைப் பெரிதாக அசைக்கும். வளர்ச்சியை 5-லிருந்து 6 சதவீதமாக்கினால் என்.பி.வி. 28 கோடியாகிறது. 3 சதவீதமாக்கினால் 7 கோடி நஷ்டம். திட்டம் வேண்டுமென்று நினைப்பவர் கை வைக்கும் இடமும் இதுவே. எந்தத் தொழிலும் நாட்டின் பொருளாதாரத்தைவிட வேகமாக என்றென்றும் வளர முடியாது. அப்படி வளர்ந்தால் ஒருநாள் பொருளாதாரத்தையே விழுங்கிவிட வேண்டும். பணவீக்கத்தைச் சேர்த்த r-க்கு, பணவீக்கத்தை நீக்கிய g-ஐ ஜோடி சேர்ப்பதும் கூடாது.

இன்னொரு பிழை ஆண்டெண்ணில் நேர்கிறது. சூத்திரத்தில் ஆறாம் ஆண்டு வரவு இருப்பதால், 150 கோடியை ஆறு ஆண்டுகளுக்குத் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். என்.பி.வி. 13-லிருந்து 4 கோடியாகச் சரிந்துவிடும். இதற்கு நேரெதிராக, மதிப்பைத் தூக்கிக் காட்டும் பிழையும் உண்டு. கடைசி ஆண்டில் இயந்திரம் எதுவும் வாங்கவில்லை என்பதால் 10 கோடி கிடைத்திருக்கலாம். ஆனால் குளிர்பதனக் கருவியும் பாய்லரும் தேய்ந்து போகும். மாற்றுச் செலவாகவும் விரிவாக்கச் செலவாகவும் ஆண்டுக்கு 2 கோடி ஒதுக்கி, 8 கோடியை வைத்துக் கணக்கிட்டால் என்.பி.வி. நஷ்டத்துக்குப் போய்விடும். கடைசி ஆண்டு வரவு வழக்கமான ஆண்டின் வரவுதானா என்று பார்த்த பிறகே அதைச் சூத்திரத்தில் இட வேண்டும்.

ஆயுள் குறிக்கப்பட்ட திட்டங்களுக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. சுங்கச் சாலை உரிமம் ஒரு நாள் முடியும். சுரங்கத்தில் கனிமம் தீரும். மேலே கண்ட அதே வரவுகள் 20 ஆண்டு உரிமத்தில் மட்டும் கிடைப்பதாகக் கொண்டால், ஆறாம் ஆண்டிலிருந்து இருபதாம் ஆண்டு வரையிலான வரவின் இன்றைய மதிப்பு 53 கோடிதான். 13 கோடி லாபமாகத் தெரிந்த திட்டம் 19 கோடி நஷ்டத்தில் நிற்கிறது.