விற்ற மோட்டார் சைக்கிளுக்கு வந்த வரிக் கடிதம்

கணவர் 2015ஆம் ஆண்டு விற்ற மோட்டார் சைக்கிளுக்கு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப்படவில்லை, நிலுவையையும் தண்டப்பணத்தையும் செலுத்துங்கள் என்று 2023இல் கடிதம் வந்தால் என்ன செய்வீர்கள்? எனது மாணவி ஒருவரின் தாயாருக்கு அப்படித்தான் வந்தது. கணவரோ கட்டாரில். "வித்த சாமானுக்கு நாங்க ஏன் மௌலவி கட்டணும்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். விற்பவர் தந்து, வாங்குபவர் ஏற்றுக்கொண்டால் மார்க்கத்தில் வியாபாரம் நிறைவேறிவிடும். ஆனால் வரி கேட்கும் அலுவலகம் பார்ப்பது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டை. அதில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர்.

பெயர் மாறாமல் போனதற்குக் காரணம் நம் ஊர்களில் 'ஓப்பன் பேப்பர்' என்பார்களே, அதுதான். உரிமை மாற்றப் படிவத்தில் விற்பவர் கையொப்பமிட்டு, வாங்குபவரின் இடத்தை வெறுமையாக விட்டு, புத்தகத்தோடு கொடுத்துவிடுவார். வாங்கியவர் அப்படியே அடுத்தவருக்குக் கைமாற்றுவார். கட்டணம் மிச்சமென்று ஒருவரும் தம் பெயருக்கு மாற்றுவதில்லை.

இந்தச் சகோதரியின் விடயத்தில் நல்லவேளை, விற்ற அன்று எழுதிய துண்டும் வாங்கியவரின் அடையாள அட்டைப் பிரதியும் அலுமாரியில் கிடந்தன. அவரைத் தேடிப் பிடித்தபோது, வண்டி ஒரு கராஜுக்குப் போய், பாகம் பாகமாகக் கழற்றப்பட்டிருந்தது தெரிந்தது. ஓடாத வண்டிக்கு எதற்கு வரி என்று கேட்கலாம். பாவனையில் இல்லை என்று முறைப்படி அறிவிக்காதவரை, ஆண்டுதோறும் நிலுவை ஏறிக்கொண்டே இருக்கும்.

ஆகவே அத்தகைய கடிதத்தை ஒருபோதும் கிழித்து வீசாதீர்கள். முதலில் வாகன இலக்கத்தையும் எந்தெந்த ஆண்டுகள் என்பதையும் பாருங்கள். விற்பதற்கு முந்திய ஆண்டு அதில் இருந்தால் அது உங்களுடைய கடன்தான். அடுத்து, இப்போது யார் பெயரில் பதிவு இருக்கிறதென்பதைத் திணைக்களத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். பிறகு விற்ற திகதி, வாங்கியவரின் பெயர், முகவரி ஆகியவற்றைச் சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசியாக எழுதி, சான்றுகளின் பிரதிகளோடு, கடிதம் அனுப்பிய மாகாண அலுவலகத்துக்கும் திணைக்களத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

இத்துடன் நிலுவை அழிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பழைய ஆண்டுகளைப் பற்றி அலுவலகமே தீர்மானிக்கும். வாங்கியவர் முன்வந்து பொறுப்பேற்றால்தான் காரியம் இலகுவாகும். இங்கே அவர் வந்தார். நிலுவையைத் தாமே கட்டுவதாக எழுதிக் கொடுத்தார். இல்லாத வண்டியின் பதிவை நீக்கும்படி விண்ணப்பிக்கும் வேலை மட்டும் மிஞ்சியது. அதற்குக் கட்டாரிலிருந்து கணவரின் கையொப்பம் வரவேண்டியிருந்தது.

உங்கள் வீட்டில் யாராவது வாகனம் விற்கப் போகிறார்களா? படிவத்தில் வாங்குபவரின் பெயரும் திகதியும் எழுதப்பட்டு, அவர் கையொப்பமும் விழுந்த பின்னரே புத்தகத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள். விற்றதைத் திணைக்களத்துக்கு அறிவிக்கும் வேலையையும் வாங்குபவரிடம் விடாமல், விற்பவரே அந்த வாரத்திலேயே செய்துவிடட்டும்.