ஒரு குளுக்கோஸுக்கு எத்தனை ஏடிபி?

பள்ளியில் உயிரியல் படித்தவர்கள் பலருக்கு 38 என்ற எண் நினைவிருக்கும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முழுதாகச் சிதைந்தால் செல்லுக்கு 38 ஏடிபி கிடைக்கும் என்று எழுதித்தான் மதிப்பெண் வாங்கினோம். இன்றைய உயிர்வேதியியல் நூல்களில் அது 30 அல்லது 32 ஆகியிருக்கிறது. தசை சுருங்கவும் நரம்பு வேலை செய்யவும் செல் நேரடியாகச் செலவழிக்கும் பொருள் ஏடிபி. அதில் ஆறு எங்கே குறைந்தது என்று தேடினால், செல்லுக்குள் குளுக்கோஸ் போகும் பாதை முழுவதையும் பார்த்துவிடலாம்.

முதல் கட்டம் கிளைக்கோலிசிஸ். இது சைட்டோபிளாசத்திலேயே நடக்கிறது, ஆக்சிஜன் வேண்டியதில்லை. ஆறு கார்பன் கொண்ட குளுக்கோஸ், பத்து வினைகளுக்குப் பிறகு, மூன்று கார்பன் கொண்ட இரண்டு பைருவேட்டாகப் பிளக்கிறது. தொடக்கத்தில் 2 ஏடிபி செலவாகிறது, பின்னால் 4 கிடைக்கிறது. கையில் நிற்பது 2. கூடவே, எலக்ட்ரான்களைச் சுமந்து செல்லும் என்ஏடிஹெச் இரண்டு. மைட்டோகாண்ட்ரியா இல்லாத நம் சிவப்பணுக்கள் இந்த 2 ஏடிபியை வைத்தே வாழ்நாள் முழுவதையும் ஓட்டிவிடுகின்றன.

மற்ற செல்களில் பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளறைக்குப் போகிறது. அதற்கு மேட்ரிக்ஸ் என்று பெயர். அங்கே ஒவ்வொரு பைருவேட்டும் ஒரு கார்பனை கார்பன் டை ஆக்சைடாக இழக்கிறது. அதில் மேலும் 2 என்ஏடிஹெச் கிடைக்கிறது. மிச்சமுள்ள இரண்டு கார்பன் துண்டு கிரெப்ஸ் சுழற்சியில் நுழைகிறது. 1937-இல் ஹான்ஸ் கிரெப்ஸ் இதைக் கண்டறிந்து அனுப்பிய குறிப்பை ‘நேச்சர்’ இதழ் இடமில்லை என்று திருப்பிவிட்டது. 1953-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு குளுக்கோஸுக்குச் சுழற்சி இரண்டு முறை சுற்றுகிறது. வரவு: 2 ஏடிபி, 6 என்ஏடிஹெச், அதே வேலையைச் செய்யும் எஃப்ஏடிஹெச்2 இரண்டு. குளுக்கோஸின் ஆறு கார்பனும் இதற்குள் கார்பன் டை ஆக்சைடாகிவிட்டன. நாம் வெளிவிடும் மூச்சில் போவது அதுதான்.

குளுக்கோஸே தீர்ந்துவிட்டது, ஆனால் இதுவரை நேரடியாகக் கிடைத்தது வெறும் 4 ஏடிபி. மிச்ச ஆற்றலெல்லாம் 10 என்ஏடிஹெச்சிலும் 2 எஃப்ஏடிஹெச்2-விலும் எலக்ட்ரானாக இருக்கிறது.

அதைப் பணமாக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு. அதில் பதிந்துள்ள புரதங்கள் எலக்ட்ரானை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கைமாற்றுகின்றன. கடைசியில் வாங்கிக்கொள்வது ஆக்சிஜன், அது தண்ணீராகிறது. இதுவே எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி. இந்தக் கைமாற்றத்தில் வெளிப்படும் ஆற்றல், மேட்ரிக்ஸிலிருந்து புரோட்டான்களைச் சவ்வின் மறுபுறம் தள்ளுகிறது. அணையில் தேங்கிய நீர் டர்பைன் வழியே இறங்குவது போல, தேங்கிய புரோட்டான்கள் ஏடிபி சின்தேஸ் என்ற புரதத்தின் வழியே திரும்பி இறங்குகின்றன. அந்தப் புரதம் உண்மையாகவே சுழல்கிறது. சுழலச் சுழல ஏடிபி உருவாகிறது. 1961-இல் பீட்டர் மிட்செல் இந்தப் புரோட்டான் தேக்கத்தைப் பற்றிச் சொன்னபோது துறையில் பலர் ஏற்கவில்லை. 1978-இல் அவருக்கும் நோபல் கிடைத்தது.

பழைய கணக்கு, ஒரு என்ஏடிஹெச்சுக்கு 3 ஏடிபி, ஒரு எஃப்ஏடிஹெச்2-வுக்கு 2 என்று முழு எண்ணாக வைத்தது. 30, 4, நேரடியாக வந்த 4, கூட்டினால் 38. ஆனால் புரோட்டான்களை எண்ணும்போது முழு எண் வரவேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு என்ஏடிஹெச் சுமார் 10 புரோட்டான்களைத் தள்ளுகிறது. ஒரு ஏடிபியைச் செய்யவும், அதற்கான மூலப்பொருளை உள்ளே கொண்டுவரவும் சேர்த்து சுமார் 4 புரோட்டான் ஆகிறது. ஆக, 2.5 ஏடிபி. எஃப்ஏடிஹெச்2 சங்கிலியில் சற்றுத் தள்ளிச் சேர்வதால் அதற்கு 1.5. இப்போது 25, 3, 4, மொத்தம் 32. கிளைக்கோலிசிஸில் பிறந்த 2 என்ஏடிஹெச் சவ்வைத் தாண்ட முடியாது. எலக்ட்ரான்களை மட்டும் உள்ளே கைமாற்றும். அந்தக் கைமாற்றம் எஃப்ஏடிஹெச்2 வழியாக நடக்கும் செல்களில் 2 குறைந்து 30 ஆகும்.

இந்த 32-உம் சவ்வு ஒழுகாமல் இருந்தால்தான். 1930-களில் அமெரிக்காவில் உடல் இளைக்க டைநைட்ரோபீனால் என்ற மருந்தை விற்றார்கள். அது புரோட்டான்களைச் சின்தேஸைத் தொடாமலே சவ்வின் குறுக்கே கொண்டுபோய் விட்டுவிடும். சங்கிலி முழு வேகத்தில் ஓடும், உணவு எரியும், ஏடிபி மட்டும் சேராது; ஆற்றல் வெப்பமாகிவிடும். எடை குறைந்தது உண்மை. வியர்த்து, காய்ச்சல் ஏறி, உடல் சூடு தணியாமல் சிலர் இறந்ததும் உண்மை. சிலருக்குக் கண்புரை வந்தது. 1938-இல் அது மனிதர் உண்ணத் தகாதது என்று விலக்கப்பட்டது.

இதே ஒழுக்கை உடல் வேண்டுமென்றே வைத்திருக்கும் இடமும் உண்டு. பச்சிளங்குழந்தையின் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ள பழுப்புக் கொழுப்பில், தெர்மோஜெனின் என்ற புரதம் புரோட்டான்களுக்கு அளவாக வழி திறந்துவிடுகிறது. நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் திறன் சரியாக அமையாத அந்த வயதில், குழந்தையின் உடல் குளிரைத் தாங்குவது பெரிதும் இந்தக் கொழுப்பின் வெப்பத்தால்தான்.