முப்பதாவது விநாடியில் என்ன நடந்தது?

இளைஞர் மன்றத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நடக்கும் முதல் கூட்டம் பெரும்பாலும் மன்றத்தின் வரலாறு, விதிமுறை, சந்தா என்றே போய்விடும். நான் போயிருந்த கூட்டத்தில் தலைவி அதையெல்லாம் சுருக்கமாக முடித்துவிட்டு, கரும்பலகையில் ஒரு கோடு வரைந்தார். இடது ஓரத்தில் உச்சியில் தொடங்கிச் சட்டென்று சரிந்து, பிறகு ஏறக்குறைய சமமாகவே ஓடி, நடுவில் ஒரு இடத்தில் சிறிதாக மேடேறி இறங்கிய கோடு. ரத்ததான முகாமுக்கு ஆள் திரட்ட மன்றம் எடுக்கும் வீடியோக்களைப் பற்றியே அதற்குப் பிறகு அவர் பேசினார்.

"வீடியோ போட்டோம், ஆள் வரல. உடனே என்ன செய்வோம்? ஒருத்தர் வீடியோ நீளம்பார். இன்னொருத்தர் பாட்டு சரியில்லைம்பார். நம்ம ஊர்க்காரங்களுக்கு இதிலெல்லாம் அக்கறையே இல்லைன்னு ஒருத்தர் முடிச்சே வெச்சிருவார். எல்லாமே கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா எது உண்மைன்னு பேசிப் பேசித் தெரிஞ்சுக்க முடியாது. இந்தக் கோட்டைப் பாத்தாத்தான் தெரியும்."

யூடியூபில் வீடியோ போடுகிற எவரும் யூடியூப் ஸ்டூடியோ செயலியில் இந்தக் கோட்டைப் பார்க்கலாம். வீடியோ போட்டு ஓரிரு நாளில் தகவல் சேர்ந்துவிடும். கிடைமட்டத்தில் வீடியோவின் நேரம், செங்குத்தாக அந்த நொடியில் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் சதவீதம். முதல் 30 விநாடி கடந்தபின் எத்தனை சதவீதம் பேர் மிஞ்சினார்கள் என்பதைத் தனியாகவே எடுத்துக் காட்டும்.

புதியவர்களுக்குப் புரிவதற்காக அவர் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார். நாலு நிமிட வீடியோ, 600 பேர் திறந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 30-ஆவது விநாடியில் 38 சதவீதம்தான் மிச்சம். அதாவது 372 பேர் அதற்குள் போய்விட்டார்கள். ஆனால் ஒரு நிமிடத்தில் 35, மூன்று நிமிடத்தில் 31, கடைசியில் 27 சதவீதம். முதல் அரை நிமிடத்தைத் தாண்டியவர்களில் பத்துக்கு ஏழு பேர் முடியும்வரை இருந்திருக்கிறார்கள்.

"இப்ப சொல்லுங்க, வீடியோ நீளமா?" என்று கேட்டார். பின்வரிசையில் ஒரு பையன், "இல்லக்கா, ஆரம்பம்தான் சரியில்ல" என்றான். அந்த முதல் அரை நிமிடத்தில் என்ன இருந்தது என்று அவர் சொல்லச் சொல்லக் கூட்டத்தில் சிரிப்பு. மன்றத்தின் சின்னம் சுழன்று வருகிறது, மேலிருந்து ஊரைக் காட்டும் ட்ரோன் காட்சி, அப்புறம் சிறப்பு விருந்தினர்களின் பெயர்ப் பட்டியல். நீளம்தான் குற்றம் என்று நம்பி நாலு நிமிடத்தை இரண்டாக வெட்டியிருந்தால், யார் ரத்தம் கொடுக்கலாம், கொடுத்தபின் என்ன சாப்பிட வேண்டும் என்ற பயனுள்ள பகுதிதான் போயிருக்கும். சின்னமும் ட்ரோனும் அப்படியே நின்றிருக்கும்.

நடுவில் இருந்த மேடு இன்னும் சுவையானது. கோடு மேலேறினால், அந்த இடத்தைச் சிலர் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள், அல்லது முன்னாலிருந்து தாவி நேரே அங்கே வந்திருக்கிறார்கள் என்று பொருள். "நல்லா இருந்ததுன்னு திரும்பப் பாத்தாங்களா, புரியலைன்னு திரும்பப் பாத்தாங்களா? கோடு அதைச் சொல்லாது. அந்த நொடியை நாமளே போட்டுப் பாக்கணும்" என்றார். அவர் காட்டிய இடத்தில், '18 வயது நிறைந்திருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது' என்ற எழுத்து திரையில் இரண்டே விநாடி வந்து போகிறது. படிக்க நேரமில்லாமல் ஜனங்கள் பின்னால் ஓட்டியிருக்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அக்கறை இல்லை என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. தாங்கள் ரத்தம் கொடுக்கத் தகுதியானவர்களா என்று நின்று சரிபார்த்திருக்கிறார்கள்.

அடுத்த முகாமுக்கான வீடியோ, '18 வயசு ஆச்சா? 45 கிலோ இருக்கீங்களா?' என்ற கேள்வியோடுதான் தொடங்க வேண்டும் என்பது அவர் முடிவு. ஆனால் இரண்டு நிபந்தனை போட்டார். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். ஆரம்பத்தையும் பாட்டையும் தலைப்பையும் சேர்த்து மாற்றினால், கோடு மாறியதற்கு எது காரணம் என்று மறுபடியும் ஊகத்தில்தான் போய் நிற்போம். இரண்டாவது, பழையதையும் புதியதையும் ஒரே வயதில் ஒப்பிட வேண்டும். போட்ட ஏழாம் நாள் நிலவரத்தோடு ஏழாம் நாள் நிலவரம். ஆறு மாதமாக ஓடும் வீடியோவையும் நேற்றுப் போட்டதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை.

எண் என்றாலே உண்மை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்கு அவர் சொன்ன உதாரணம் ஃபேஸ்புக். ஒரு வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று விளம்பரதாரர்களுக்குக் காட்டிய கணக்கு மிகைப்பட்டிருந்ததாக அந்த நிறுவனம் 2016-இல் ஒப்புக்கொண்டது. மொத்தம் பார்த்த நேரத்தை, பார்த்த எல்லோராலும் வகுக்காமல், மூன்று விநாடியாவது பார்த்தவர்களால் மட்டும் வகுத்திருந்தார்கள். இதையும் பலகையில் போட்டார். பத்துப் பேரில் ஏழு பேர் இரண்டு விநாடியில் போய்விட, மூன்று பேர் 60 விநாடி பார்க்கிறார்கள். மொத்தம் 194 விநாடி. பத்தால் வகுத்தால் சராசரி 19 விநாடி. மூன்றால் வகுத்தால் 64 விநாடிக்கும் மேல். யாருமே பார்க்காத நேரம்! ஒரு சதவீதத்தையோ சராசரியையோ பார்த்ததும், எதை எதால் வகுத்தார்கள் என்று கேட்க வேண்டும் என்றார். என்னைக் கேட்டால் அன்றைய பேச்சில் மிக உருப்படியான இடம் இதுதான். பள்ளியில் சராசரி போடக் கற்ற எல்லோருக்கும் இந்தக் கேள்வி கேட்கத் தெரியும், கேட்கும் பழக்கம்தான் இல்லை.

பிறகு முகாமின் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். பெயர், வயது, ரத்த வகைக்குப் பக்கத்தில் 'எப்படித் தெரிந்தது?' என்று ஒரு கட்டம் கையால் கோடு போட்டுச் சேர்த்திருந்தது. ஸ்டூடியோவுக்கு ஆள் வந்தது தெரியாது. பார்த்தது மட்டும்தான் தெரியும். வந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர், டீக்கடை நோட்டீஸ் என்று எழுதியிருந்தால், வீடியோவுக்குச் செலவழிக்கும் இரவுகளில் ஒன்றிரண்டை வீடு வீடாகப் போவதற்கு ஒதுக்க வேண்டியதுதான் என்றார். வீடியோ எடுக்கிறவர்கள் கூடியிருக்கும் இடத்தில் இதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும்.

ஒரு பெண் எழுந்து, "அக்கா, நம்ம வீடியோவை மொத்தமே 40 பேர்தான் பாக்குறாங்கன்னா இந்தக் கோட்டை நம்பலாமா?" என்று கேட்டாள்.

"நம்பக் கூடாது" என்றார் உடனே. 40 பேரில் ஒருவர் இரண்டரை சதவீதம். ஒருவருக்கு போன் வந்து பாதியில் நிறுத்தினாலே கோடு இறங்கும். அதில் பத்துப் பேர் தங்களைப் பார்க்கத் திறந்த மன்றத்து ஆட்கள் என்றால் கோடு ஏறும். அந்த மாதிரிச் சமயத்தில் வேறு வழி இருக்கிறது என்று சொல்லி, புதியவர்களுக்கு முதல் வேலையையும் கொடுத்தார். மன்றத்தில் சேராத, வீடியோவைப் பார்த்திராத ஐந்து பேரிடம் போனைக் கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லக் கூடாது. எந்த விநாடியில் விரல் திரைக்குப் போகிறது, எங்கே பின்னால் ஓட்டுகிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். முடிந்ததும் ஒரே கேள்வி: முகாம் என்றைக்கு, எங்கே?

"வீடியோ நல்லா இருந்துச்சான்னு மட்டும் கேட்டுராதீங்க" என்றார். "நம்ம முகத்துக்கு நேரா யாரும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க."