வரைபடத்தில் கடைக்கு ஒரு வாசல்

மதுரை விளக்குத்தூண் பக்கத்துச் சந்தொன்றில், மாடியில் ஒரு சுங்குடி சேலைக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். சொந்த இணையதளத்தில் டெல்லிக்கும் புனேக்கும் சேலை போகிறது. ஆனால் பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்கி, செல்போனில் ‘சுங்குடி சேலை’ என்று தேடுகிற பெண்ணுக்கு அப்படியொரு கடை இருப்பதே தெரியாது. கூகுள் மேப்பில் கடையைப் பதிந்தால்தான் அவர் கண்ணில் படும். இதற்குக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. ‘கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டினால் முதலிடம்’ என்று போன் வந்தால் நம்ப வேண்டாம்.

இணையத்திலும் விற்பவர்கள் ஒன்றை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பதிவு, வாடிக்கையாளர் நேரில் ஏறி வரக்கூடிய இடத்துக்கானது. வெறும் இணைய வியாபாரத்துக்கு இதில் இடமில்லை. பார்சல் கட்டும் குடோனையும் பதியக் கூடாது. நம் சேலைக்கடைக்குத் தகுதி தருவது அதன் மாடிப்படியும் கல்லாவும்தான்.

`business.google.com` போவதற்கு முன் மேப்பில் கடைப் பெயரைத் தேடிப் பாருங்கள். யாரோ ஒரு வாடிக்கையாளர் ஏற்கெனவே சேர்த்திருக்கலாம். அப்படியிருந்தால் இன்னொன்று தொடங்காமல், அதிலுள்ள `Own this business?` என்பதைத் தொட்டு உரிமை கோருங்கள். ஒரே கடைக்கு இரண்டு பதிவுகள் இருந்தால் விமர்சனங்கள் இரண்டாகச் சிதறும்.

பெயர் விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். பெயர்ப்பலகையில் இருப்பதை மட்டும் எழுத வேண்டும். கூடவே ‘சுங்குடி சேலை மதுரை மொத்த விலை ஆன்லைன்’ என்று சேர்ப்பது விதிமீறல்; பதிவே முடக்கப்படலாம். என்ன விற்கிறோம் என்பதைச் சொல்லத்தான் வகை என்ற இடம் இருக்கிறது. நம் கடைக்கு முதன்மை வகை `Sari store`. பொதுவாக `Clothing store` என்று போட்டால் ஊரிலுள்ள அத்தனை ஜவுளிக்கடைகளோடும் போட்டி போட வேண்டிவரும்.

முகவரியை அடித்ததும் கூகுள் தானாக ஒரு புள்ளியை வைக்கும். சந்துக் கடைகளுக்கு அது பெரும்பாலும் மெயின் ரோட்டில் போய் விழும். வரைபடத்தைப் பெரிதாக்கி, மாடிப்படி தொடங்கும் இடத்துக்கு அதை இழுத்து வையுங்கள். முகவரியில் ‘முதல் மாடி’ என்பதும் இருக்கட்டும்.

அடுத்து, கடை நம்முடையதுதான் என்று நிரூபிக்க வேண்டும். இப்போது பெரும்பாலும் வீடியோதான் கேட்கிறார்கள். குறைந்தது அரை நிமிடம், வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். தெருப் பெயர்ப்பலகையில் தொடங்கி, பக்கத்துக் கடைகளைக் காட்டி, நம் பெயர்ப்பலகை, மாடிப்படி என்று போங்கள். பிறகு பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கி, சேலை ரேக்கையும் பில் போடும் கம்ப்யூட்டரையும் காட்டுங்கள். அந்தப் பூட்டைத் திறக்கும் காட்சி முக்கியம். கடையை நடத்துபவர் கையில்தானே சாவி இருக்கும். வாடிக்கையாளர் முகமோ வங்கி விவரமோ வீடியோவில் வேண்டாம். சரிபார்க்க ஐந்து வேலை நாள்வரை ஆகலாம்.

நேரம் குறிக்கும்போது, இரவு பதினொன்றுவரை பார்சல் கட்டுவதைக் கணக்கில் எடுக்காதீர்கள். வாடிக்கையாளர் படியேறி வரக்கூடிய நேரம் மட்டும்தான் கணக்கு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களுக்குச் சிறப்பு நேரத்தைத் தனியே குறிக்கலாம். சேவைப் பகுதி என்ற இடத்தில் ‘இந்தியா முழுக்க’ என்று எழுத ஆசை வரும். அது கடையே ஆள் அனுப்பிக் கொடுக்கிற ஊர்களுக்கானது. கூரியர் போகும் ஊர்களை நிரப்புவதால் சென்னையில் தேடுபவருக்கு நம் கடை முன்னால் வந்துவிடாது. பொருத்தம், தூரம், கடையின் அறிமுகம் ஆகிய மூன்றையும் பார்த்தே கூகுள் வரிசைப்படுத்துகிறது. தூரத்தை நம்மால் மாற்ற முடியாது.

இணையத்தில் பார்த்துவைத்துக் கடையில் வாங்கிப்போகும் வசதி இருந்தால் `In-store pickup` என்பதைக் குறியுங்கள். உள்ளூர்க்காரரை இழுப்பது அதுதான். இணையதளத்தில் மதுரைக் கடைக்கென ஒரு பக்கம் வைத்து, அதே பெயர், முகவரி, எண்ணை அங்கும் எழுதி, பதிவில் இப்படி இணைப்புக் கொடுங்கள்:

```
https://example.com/madurai?utm_source=google&utm_medium=organic&utm_campaign=gbp
```

கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதை வைத்து, பதிவு வழியாக எத்தனை பேர் வந்தார்கள் என்பதை இணையதளக் கணக்கில் தனியாகப் பார்க்கலாம்.

விமர்சனம் எழுதினால் தள்ளுபடி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்; அதற்கும் தடை உண்டு. பில்லோடு க்யூஆர் அட்டையைக் கொடுத்துக் கேட்டாலே போதும். குறை சொல்பவருக்கும் பதில் எழுதுங்கள்.

மேப்பில் யார் வேண்டுமானாலும் திருத்தம் பரிந்துரைக்கலாம் என்பதால், நேரமும் எண்ணும் மாறியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். கடைக்குள் நின்று தேடினால் நம் கடை மேலே வருவதில் அதிசயமில்லை. பேருந்து நிலையத்தில் நிற்கும் தெரிந்தவர் யாரையாவது, கடைப் பெயரைச் சொல்லாமல் ‘சுங்குடி சேலை’ என்று தேடச் சொல்லி, வழி கேட்காமல் மாடிவரை வந்து சேர்கிறாரா என்று பாருங்கள்.