ஆறு பைசா அபராதமும் வக்கீலுக்குப் போகும் கடிதமும்

திருப்பூரின் சாயப்பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் நொய்யலில் விடும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 பைசா அபராதம் கட்ட வேண்டும் என்று 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2007 ஜனவரி 1 முதல் கணக்கு தொடங்கியது. பிறகு அது 8 பைசா, 10 பைசா என்று ஏறும் என்றும் உத்தரவு சொன்னது. வழக்கைத் தொடுத்தது நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாக மாறியதில் நிலத்தையும் கிணற்றையும் இழந்த விவசாயிகளின் சங்கம் அது.

அந்த உத்தரவு வந்து மூன்றே மாதத்தில் மார்ச் 31 வந்தது. பட்டறைகள் ஆண்டுக் கணக்கை முடிக்கும் நாள். அபராதத்தை இன்னும் கட்டவில்லை, உச்ச நீதிமன்றத்துக்குப் போகப் போகிறோம், ஆகவே இந்த ஆண்டுக் கணக்கில் இது வரத் தேவையில்லை என்று ஒரு முதலாளி சொன்னால் அவருடைய ஆடிட்டர் என்ன செய்ய வேண்டும்?

இந்தக் கேள்விக்கென்றே ஒரு கணக்கியல் தரநிலை இருக்கிறது: ஏ.எஸ். 29. பெரிய நிறுவனங்களுக்கு இன்று அதே வேலையை இன்ட் ஏ.எஸ். 37 செய்கிறது. அதன்படி மூன்றைப் பார்க்க வேண்டும். கணக்கு முடியும் நாளுக்கு முன்பே நடந்துவிட்ட ஒரு காரியத்தால் பொறுப்பு பிறந்திருக்கிறதா? பணம் கையைவிட்டுப் போகாமல் இருப்பதைவிடப் போவதற்கே வாய்ப்பு அதிகமா? தொகையை ஓரளவு நம்பிக்கையோடு கணக்கிட முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் அதற்கு ஒதுக்கீடு செய்ய வேண்டும். ஆடிட்டர்கள் வாயில் இது ‘ப்ரொவிஷன்’. அந்த ஆண்டு லாபத்திலிருந்தே தொகை கழிந்துவிடும். பணம் போகும் வாய்ப்பு பாதிக்குக் கீழே, ஆனால் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது என்றால் அது நிகழக்கூடிய பொறுப்பு, அதாவது ‘கன்டின்ஜென்ட் லயபிலிட்டி’. அதை லாபத்தில் கழிக்க மாட்டார்கள். கணக்குக் குறிப்பில் எழுதுவார்கள். வாய்ப்பு மிகமிகக் குறைவு என்றால் குறிப்பும் வேண்டாம்.

ஒரு பட்டறையை வைத்துப் பார்ப்போம். நாளுக்கு 2 லட்சம் லிட்டர் கழிவுநீர் விடுகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை 75 நாள் ஓடியிருக்கிறது. நாளுக்கு 12,000 ரூபாய் வீதம் 9 லட்சம் ரூபாய். இந்தத் தண்ணீர் ஆற்றில் போய்விட்டது. மார்ச் 31-க்குப் பிறகு முதலாளி என்ன முடிவெடுத்தாலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே 9 லட்சம் 2006-07 கணக்கைச் சேர்ந்தது. ஏப்ரலில் 8 பைசாவாக ஏறுகிறதே, அதையும் சேர்க்க வேண்டாமா என்றால், வேண்டாம். அது ஏப்ரலுக்குப் பிறகு விடப்போகும் தண்ணீருக்கு உரியது.

அதே உத்தரவு பட்டறைகள் கழிவுநீரே வெளியேற்றாத நிலைக்கு வர வேண்டும் என்றும் சொன்னது. அதற்கு ஆர்.ஓ. ஆலையும் எவாப்பரேட்டரும் வேண்டும். அபராதத்தைவிடப் பல மடங்கு செலவு. நீதிமன்றமே கட்டச் சொல்லிவிட்டதால் இதற்கும் ஒதுக்கீடு செய்ய வேண்டும் என்றே பலருக்கும் தோன்றும். ஆனால் தரநிலை வேண்டாம் என்கிறது. ஆலையை இன்னும் கட்டவில்லை. முதலாளி தொழிலை நிறுத்திவிடலாம், வேறு ஊருக்குப் போகலாம், சாயம் போடும் வேலையை வெளியே கொடுத்துவிடலாம். தன் செயலை மாற்றித் தவிர்க்க முடிகிற செலவு எதிர்காலச் செலவுதான். இன்றைய கடன் ஆகாது. ஒரே தீர்ப்பின் ஒரு பத்தி கணக்குக்குள் வருகிறது, அடுத்த பத்தி வெளியே நிற்கிறது. இந்தப் பிரிப்பு பிடிபட்டுவிட்டால் இந்தத் தரநிலையில் பாதி புரிந்த மாதிரி.

இனி, அந்த 2 லட்சம் லிட்டர் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் மாசு கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த அனுமதி ஆணையில் இருக்கும் அளவைத்தான் முதலாளி எழுதித் தருவார். அது விடலாம் என்று அனுமதித்த அளவு. விட்ட அளவு வேறாக இருக்கலாம். ஆடிட்டர் ஜாப் ஒர்க் பில்களை எடுத்து அந்த மூன்று மாதத்தில் எத்தனை கிலோ துணிக்குச் சாயம் போட்டார்கள் என்று கூட்டிப் பார்க்க வேண்டும். லாரித் தண்ணீர் ரசீதுகளையும் பொது சுத்திகரிப்பு நிலையத்தின் பில்களையும் அதோடு பொருத்த வேண்டும். நாளுக்கு 3 லட்சம் லிட்டர் என்று அவை காட்டினால் ஒதுக்கீடு 13.5 லட்சம் ஆகிவிடும். ஏற்கெனவே கொஞ்சம் பணம் கட்டியிருந்தால் அது எந்தக் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். ‘ஆட்சேபத்துடன் கட்டியது’ என்று முன்பணமாக, சொத்துப் பக்கத்தில் அது கிடக்கலாம். திரும்பி வராத பணம் அங்கே பல ஆண்டு தூங்கும்.

தொகையை ஆடிட்டரே சரிபார்த்துவிடலாம். வழக்கு எந்தப் பக்கம் போகும் என்பதை அவரால் சொல்ல முடியாது. அதற்குத்தான் வக்கீலுக்குக் கடிதம்.

இன்றைய தணிக்கைத் தரநிலை எஸ்.ஏ. 501 இதன் வழியைச் சொல்கிறது. கடிதத்தை நிறுவனம் தன் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்திடும். தபாலில் சேர்ப்பது ஆடிட்டர். பதில் நேராக ஆடிட்டருக்கே வர வேண்டும். நிறுவனத்தின் கையெழுத்து எதற்கென்றால், கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதமின்றி வக்கீல் வெளியே சொல்லக் கூடாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு அப்படித் தடுத்தது; 2023-இன் பாரதிய சாட்சிய அதிநியமத்தில் அது 132-ஆம் பிரிவு. அந்தச் சம்மதம்தான் லெட்டர்ஹெட்டில் போகிறது. பதில் நேராக வர வேண்டும் என்பதன் காரணம் வெளிப்படை. முதலாளி மேசை வழியாக வரும் பதிலில் ஒரு பக்கம் குறைந்திருந்தாலும் ஆடிட்டருக்குத் தெரியாது.

கடிதத்தில் நிறுவனம் தன் வழக்குகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எப்படி முடியும், எவ்வளவு செலவாகும் என்ற தன் மதிப்பீட்டையும் எழுதும். இந்த மதிப்பீடு நியாயமானதா, பட்டியலில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா அல்லது தவறாக இருக்கிறதா என்று வக்கீலிடம் கேட்கும். நம் பட்டறைக்கு என்றால் கேள்விகள் இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும். அபராத உத்தரவுக்கு இடைக்காலத் தடை இருக்கிறதா, அல்லது மேல்முறையீடு மட்டும்தான் நிற்கிறதா? தடை என்றால் எந்தத் தேதி வரை, என்ன நிபந்தனையோடு? தோற்றால் அபராதத்தோடு வட்டியோ வழக்குச் செலவோ சேருமா? உங்களுக்குத் தர வேண்டிய கட்டணம் எவ்வளவு பாக்கி? கடைசிக் கேள்வியைச் சிலர் விட்டுவிடுகிறார்கள். அந்தக் கட்டண பாக்கியும் மார்ச் 31 அன்று ஒரு கடன்தான்.

வரும் பதில்களில் அடிக்கடி பார்ப்பது இது: ‘வழக்கு நிலுவையில் உள்ளது. எங்கள் தரப்பு வலுவானது. சாதகமான தீர்ப்பை எதிர்பார்க்கிறோம்.’ இதை வைத்து ஒதுக்கீடு தேவையில்லை என்று முடிவு கட்டுவது ஆடிட்டர் செய்யும் பெரிய தவறு. தரப்பு வலுவானது என்று நீதிமன்றத்தில் வாதாடுவது வக்கீலின் கடமை. பணம் போகுமா போகாதா, எது அதிகம் நடக்கக்கூடியது என்பதே இங்கே கேள்வி. வேலூர் தோல் ஆலைகள் வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக 1996-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுவிட்டது. 2007-இல் ‘எங்கள் தரப்பு வலுவானது’ என்று எழுதும் வக்கீல் அந்தத் தீர்ப்பை எப்படித் தாண்டுவார் என்பதையும் எழுத வேண்டும். பதில் மழுப்பலாக இருந்தால், நிர்வாகத்தின் அனுமதியோடு, அவர்கள் தரப்பில் ஒருவரையும் வைத்துக்கொண்டு ஆடிட்டர் வக்கீலை நேரில் சந்திக்கலாம். வக்கீல் பதில் தர மறுத்து, அல்லது நிர்வாகம் அவரைத் தொடர்புகொள்ளவே விடாமல், வேறு வழியிலும் ஆதாரம் கிடைக்காவிட்டால், ஆடிட்டர் தன் அறிக்கையில் நிபந்தனையற்ற கருத்தைத் தர முடியாது.

திருப்பூரில் இன்னொரு சிக்கல் உண்டு. இந்த ஊரை அறியாத ஆடிட்டர் தடுக்கி விழும் இடம். உச்ச நீதிமன்றத்துக்குப் போனது திருப்பூர் சாயப்பட்டறை உரிமையாளர்கள் சங்கம். ஒரு தனிப் பட்டறையின் பேரேட்டில் அந்த வழக்குக்கென்று வக்கீல் கட்டணம் ஒரு ரூபாய்கூட இல்லாமல் இருக்கலாம். வாதாடுபவர் சங்கத்தின் வக்கீல். பட்டறை கட்டியது சந்தா. வக்கீல் கட்டணக் கணக்கைப் புரட்டி, பணம் பெற்றவர்களுக்கெல்லாம் கடிதம் அனுப்புவது வழக்கமான முறை. இங்கே அப்படிப் போனால் தொழிலாளர் வழக்கு பார்க்கும் உள்ளூர் வக்கீல் வருவார், விற்பனை வரி பார்ப்பவர் வருவார், பட்டறையையே இழுத்து மூடக்கூடிய வழக்கு மட்டும் வராது. ஆகவே சந்தாக் கணக்கையும் சங்கத்தின் சுற்றறிக்கைகளையும் வாரியத்தின் நோட்டீசுகளையும் படித்தாக வேண்டும். கடிதம் சங்கத்துக்கும் போக வேண்டும்.

தேதியும் பார்க்க வேண்டும். வக்கீலின் பதில் மே மாதத்தில் வந்து, கணக்கில் கையெழுத்து செப்டம்பரில் விழுந்தால் நடுவில் நான்கு மாதம் இருக்கிறது. கையெழுத்துக்கு முன் மறுபடியும் கேட்க வேண்டும். மார்ச் 31 அன்றே இருந்த ஒரு பொறுப்பை இடையில் வந்த தீர்ப்பு உறுதி செய்திருந்தால், முடிந்த ஆண்டின் தொகையையே திருத்த வேண்டியிருக்கும். சங்கத்தின் மேல்முறையீட்டில் தீர்ப்பு வந்தது 2009 அக்டோபர் 6 அன்று. பாக்கியைக் கட்டுவது உட்பட உயர் நீதிமன்றத்தின் உத்தரவுகளை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றச் சொன்னது அது.

நிறைவேறவில்லை. விவசாயிகள் 2010-இல் நீதிமன்ற அவமதிப்பு மனுவோடு மறுபடி உயர் நீதிமன்றம் போனார்கள். 2009-10 கணக்குகளில் ஆடிட்டர்கள் கையெழுத்திட்டுக்கொண்டிருந்த ஆண்டு அது. வழக்குப் பட்டியலில் வழக்கு எண், நீதிமன்றம், கோரும் தொகை என்று கட்டங்கள் இருக்கும். அவமதிப்பு மனுவில் யாரும் பணம் கேட்பதில்லை. தொகைக் கட்டத்தில் எழுத ஒன்றுமில்லாத வழக்கு பட்டியலிலிருந்தே எளிதில் நழுவிவிடும். ‘தொகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா நடவடிக்கைகளையும் சொல்லுங்கள்’ என்று கடிதத்தில் ஒரு வரி இருந்தால்தான் அது ஆடிட்டர் கண்ணில் படும். 2011 ஜனவரி 28 அன்று அந்த மனுவின் மீதுதான் உயர் நீதிமன்றம், கழிவுநீர் வெளியேற்றாத நிலையை எட்டும்வரை திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளில் வேலை நின்றது.